தொட்டிக்குப் போன தண்ணீர்

நாலு மாடி எழும்பும் கட்டடத்தில் தளத்துக்குத் தண்ணீர் காட்டுவதுதான் அவன் வேலை. வார்த்த தளத்தின் மேல் சிமெண்டுக் கலவையால் வரப்பு பிடித்து, பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் தேக்க வேண்டும். இரண்டு வாரம் தளம் காயக்கூடாது. காய்ந்தால் விரிசல் விடும். விரிசல் விட்டால் மேஸ்திரி அவன் தோலை உரிப்பார்.

அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே அவனுக்குப் பயம். கீழே தகரக் கொட்டகையில் அவனோடு குடியிருக்கும் மனைவி, அதே கட்டடத்தில் சித்தாள். போன வருடம் கொசுக் காய்ச்சலில் விழுந்து எழுந்தவள். “இன்னொரு தரம் வந்தா முதல் தரம் மாதிரி இருக்காது, உடம்புக்குள்ளயே ரத்தம் கசியலாம்” என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வாராவாரம் திங்கட்கிழமை சுகாதாரத் துறையிலிருந்து ஓர் அம்மா வருவாள். எல்லோருக்கும் அவள் கொசு அக்கா.

“முட்டை பொரிஞ்சு, புழுவாகி, கூடாகி, றெக்கை முளைக்க எட்டு ஒம்பது நாள் ஆகும்ணே. நல்ல வெயில்னா இன்னும் சீக்கிரம். அதனால வாரம் தவறாம கொட்டிடணும். ஓரத்தையும் தேய்ச்சு விடுங்க, முட்டை அங்கதான் ஒட்டியிருக்கும். காஞ்சாலும் சாகாது, திரும்பத் தண்ணி பட்டா பொரிஞ்சிரும்.”

“கொட்டுறதா?” என்று மேஸ்திரி எகிறினார். “லாரித் தண்ணி வாரம் ஒருக்காத்தான் வருது. கொசுவுக்குப் பயந்து கட்டடத்தைக் கொளுத்தச் சொல்றீங்களா?”

பாம்பும் சாக வேண்டும், கம்பும் ஒடியக்கூடாது. அவனே வழி கண்டுபிடித்தான். திங்கட்கிழமை லாரி வந்ததும் பாத்தித் தண்ணீரைக் குழாய் வைத்துக் கீழே இறக்குவான். விளக்குமாற்றால் வரப்பை நறநறவென்று தேய்ப்பான். ஈரம் உலருவதற்குள் புதுத் தண்ணீர் ஏற்றிவிடுவான். இறங்கிய பழைய தண்ணீர் வீணாகாமல் செங்கல் நனைக்கிற தொட்டியில் போய்ச் சேரும்.

மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “உனக்கு எஞ்சினியர் மூளைடா.”

அதற்குப் பிறகுதான் கொசு அக்கா மாடியேறி வந்து டார்ச் அடித்துப் பார்ப்பாள். பாத்தியில் ஒரு புழு இருக்காது. “கீழ தொட்டி ஏதும் இருக்காண்ணே?” என்று ஒரு தரம் கேட்டாள்.

“அது தினம் பொழங்குற தண்ணிம்மா. செங்கல் போட்டு எடுத்துக்கிட்டே இருக்கோம். நிக்கவே விடுறதில்ல” என்றான்.

அவளுக்கு இன்னும் ஆறு கட்டடம் பாக்கி. தலையாட்டிவிட்டுப் போனாள்.

பக்கத்துக் கொட்டகைக் கம்பி கட்டுகிறவன் காய்ச்சலில் படுத்தபோதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. “வெளியில எங்கயோ கடி வாங்கியிருப்பான். நம்ம பாத்தி சுத்தம்” என்றான்.

“உங்க பாத்தியைக் கல்யாணம் பண்ணியிருக்கலாம் நீங்க” என்று மனைவி சிரித்தாள். “என்னை இப்படித் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்ததில்லையே.”

மாதம் ஒன்று ஓடி, மேலே இன்னொரு தளமும் ஏறிய பிறகு, ஒரு திங்கட்கிழமைக் காலை அவள் கல்கூடையைத் தலைக்கு ஏற்றப்போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “கண்ணுக்குப் பின்னாடி குத்துதுங்க.” நெற்றியைத் தொட்டான். அனல்.

படுக்க வைத்துவிட்டு, முகம் துடைக்கத் துணி நனைக்கத் தொட்டிக்குத்தான் ஓடினான். ஊறிக் கிடந்த செங்கற்களின் இடுக்கில் துணியை விட்டான். நிழலுக்குள் ஏதோ துள்ளியது. இரண்டு கல்லை நகர்த்தினான். முற்றுப்புள்ளிக்கு வால் முளைத்தாற்போல நூற்றுக்கணக்கில் புழுக்கள் உருண்டு புரண்டன. மேலே வெறும் கூடுகள் தவிடாக மிதந்தன. பறந்து போனவை போனவைதான்.

அந்நேரம் வந்த கொசு அக்கா குனிந்து பார்த்தாள். அவள் கேட்பதற்குள் அவனே மேலிருந்து வரும் குழாயைக் கையால் காட்டினான்.

“பாத்தியைத்தான்ணே காலி பண்ணியிருக்கீங்க” என்றாள் மெதுவாக. “புழுவைப் பத்திரமா இறக்கி வச்சிட்டீங்க. மேல பாதி வளர்ந்தது இங்க மீதியும் வளர்ந்திருக்கு.”

“தண்ணி வீணாகக் கூடாதுன்னுதான்...”

“துணியில வடிச்சு விட்டிருந்தாலே போதும்ணே.”

கையில் இருந்த துணியைப் பார்த்தான். தொட்டியின் அடைப்பைக் காலால் உதைத்தான். தண்ணீர் புழுதியில் ஓடிப் பரவியது. புழுக்கள் மண்ணில் நெளிந்தன.

மேஸ்திரி பதறி வந்தார். “ஏண்டா, பைத்தியமா? இன்னைக்கு வர்ற லாரி மேல தளத்துக்கே சரியாப் போயிரும்! செங்கலை எதுல நனைப்ப?”

அவன் கொட்டகைக்கு ஓடினான். மனைவியை முதுகில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தான். அவள் பல்லைத் தேய்க்கும்போது வருகிற ரத்தமா, வேறா என்று தெரியாமல் உதட்டோரம் சிவந்திருந்தது.

“தண்ணி கொட்டிட்டீங்களா?” என்று முனகினாள்.

“ம். எல்லாத்தையும்.”

“நல்லவேளை” என்றாள் அவள். அவன் ஆஸ்பத்திரிப் பக்கமாக நடையை எட்டிப் போட்டான்.