வாழ்த்துரைக்கு ஒரு இடம்

டுடோரியல் நிறுவனத்தின் வீடியோ சேனலுக்கு வாரா வாரம் ஒரே வடிவம் வேண்டும் என்றார் தலைவர். சொன்னதோடு நிற்காமல், வடிவத்தையும் தானே எழுதிக்கொண்டு வந்துவிட்டார். சுழலும் லோகோ பன்னிரண்டு நொடி, அதன்பின் அவருடைய வாழ்த்துரை முப்பத்தைந்து நொடி, அதற்கும் பின்னால்தான் கணக்கு.

எடிட்டர் அந்தத் தாளைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஞாபகத்தில் எழுதியிருப்பார் போல. கணக்குப் பாடம் நடத்துவது அவளுடைய சொந்த அக்கா. நாலாவது வார வீடியோவில் பாதிப் பேராவது பாடத்தின் பாதி வரை பார்க்காவிட்டால், அக்காவின் இடத்தில் தலைவரின் மைத்துனர் உட்கார்ந்து தன்னம்பிக்கை வளர்ப்பார்; அது தலைவர் வைத்த கெடு.

எந்த நொடி வரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் வரைபடம் முதல் மூன்று வாரமும் ஒரே கதையைச் சொன்னது. தலைவர் வாயைத் திறந்ததும் கோடு தொபீரென்று விழுந்தது. அக்கா வருவதற்குள் முக்கால்வாசிப் பேர் ஓடிவிட்டிருந்தார்கள்.

"வாழ்த்துரைய எடுத்துடலாமா சார்?" என்றால் மனுஷன் முருங்கை மரம் ஏறிவிடுவார். அவள் குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டாள்.

"சார், பெரியவங்க கடைசியில பேசுறதுதானே மரியாதை? முதல்ல நிக்க வச்சு உங்கள வரவேற்பாளர் மாதிரி ஆக்கிட்டோம்."

தலைவர் குளிர்ந்து போனார். "அதான் நானும் நினைச்சேன்," என்றார். எதையும் நினைத்தவரல்ல.

புது வடிவம் தயாரானது. எடுத்த எடுப்பில் அக்காவின் கேள்வி: "நூறு ரூபா பொருளுக்குப் பத்து சதவீதம் ஏத்தி, ஏத்துன விலையில பத்து சதவீதம் குறைச்சா, பழைய விலையே வருமா?" அதன்பின் நாலு நொடி தலைப்பு. அடுத்து போன வாரம் பார்வையாளர் ஒருவர் செய்த தப்பு, பாடம், நீங்களே போட ஒரு கணக்கு. முடிவில்தான் தொடக்கக் கேள்விக்கு விடை: தொண்ணூற்றொன்பது. அதற்குப் பிறகு வாழ்த்துரை. அதன் கடைசி இருபது நொடியில் அடுத்த வீடியோவைத் திறக்கும் கட்டம் தலைவரின் தோள்மேல் வந்து உட்காரும்.

நாலாவது வாரக் கூட்டத்தில் எடிட்டர் வரைபடத்தைத் திரையில் போட்டாள். கோடு மெல்லத்தான் இறங்கியது. பாதிப் பாடத்தில் அறுபத்தொரு சதவீதம் பேர் இருந்தார்கள். தொண்ணூற்றொன்பது என்று அக்கா சொன்னதும் ஒரே செங்குத்து, தரைக்கு. அந்த இடத்தில் தலைவரின் முகம்.

மைத்துனர் இருமினார். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பாத்தீங்களா? அவ்வளவு நேரமும் எனக்காகத்தான் காத்திருந்திருக்காங்க. முகத்தப் பாத்ததும் திருப்தியா எழுந்து போயிட்டாங்க. இந்த வடிவத்த மாத்தவே கூடாது. டீச்சரும் அப்படியே இருக்கட்டும்."

மேஜைக்கடியில் அக்கா தங்கையின் காலை மிதித்தாள்.

"ஆமா சார்," என்றாள் எடிட்டர். அந்த ஆளைவிடத் தன் வாயின் மீதுதான் அவளுக்கு அதிக அருவருப்பாக இருந்தது. தாளில் 'வாழ்த்துரை, நிரந்தரம்' என்று தடித்த எழுத்தில் எழுதினாள்.