வாளிக்குள் ஒரு மணி நேரம்

ரயில் ஸ்டேன்வெய்க் நிலையத்தைத் தாண்டிப் பத்து நிமிடத்தில் நின்றது. மின்கம்பி அறுந்துவிட்டது, சரியாகும் நேரம் தெரியாது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே மாடுகள். வீப்ரனுக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை நாலு மணிக் கூட்டம் ரத்தாகி, சீக்கிரமே கிளம்பியிருந்தார். வீடு இருக்கும் ஹீரன்வேனுக்கு இன்னும் இரண்டே நிறுத்தம். பையில் பாதி சாண்ட்விச் இருந்தது. அதைத் தின்றுகொண்டே வழக்கம்போல மொபைலில் வீட்டைப் பார்த்தார். "யோரிட்: தன் அறை" என்று இருந்தது. மணி நாலு நாற்பத்தெட்டு.

யோரிட் அவருடைய மகன். பத்தொன்பது வயது. இரண்டு வருடமாக வலிப்பு. மாத்திரை பாதிதான் கேட்கிறது. வந்தால் சொல்லிக்கொண்டு வராது, நின்ற இடத்தில் சாய்ந்துவிடுவான். குளியல் தொட்டியைப் பெயர்த்துப் போட்டாயிற்று, அறைக் கதவுகளின் தாழ்ப்பாள்களைக் கழற்றியாயிற்று. தனியாக சைக்கிள் ஓட்டக் கூடாது என்றும் சொல்லியாயிற்று. எல்லாரும் சைக்கிளிலேயே போகும் அந்த ஊரில் ஒரு பையனிடம் சைக்கிள் தொடாதே என்பது காலை மடித்து வைத்துக்கொள் என்பதுபோல. அதுவும் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கால்வாய்க் கரை, வெண்ணெய்போல வழுவழுவென்று ஓடும் பாதை. பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டானே தவிர எதிர்த்துப் பேசவில்லை.

காமிரா வைக்கலாம் என்று அம்மா சிஸ்கா சொன்னபோதுதான் எதிர்த்தான். என் அறையில் காமிரா வைத்தால் நான் வீட்டிலேயே இருக்க மாட்டேன் என்றான். அதற்கு மாற்றாக வீப்ரன் கண்டுபிடித்ததுதான் இந்த ஏற்பாடு. பையன் மணிக்கட்டில் ஒரு பட்டை, அதில் பட்டன் அளவு ஒரு ப்ளூடூத் வில்லை, நனைந்தாலும் கெடாதது. அது நொடிக்கொரு முறை "நான் இங்கே" என்று கத்தும். கையிலிருந்து கழற்றினால் அதையும் கத்திச் சொல்லிவிடும். வீட்டில் ஐந்து இடத்தில் பிளக் பாயிண்டில் குத்தி வைத்த சின்னச் சின்ன வாங்கிகள் அதைக் கேட்கும். எந்த வாங்கிக்கு உரக்கக் கேட்கிறதோ, ஆள் அந்த அறையில். படம் இல்லை, சத்தம் இல்லை, அறையின் பெயர் மட்டும். பையனும் சரி என்றான்.

சிஸ்காவுக்குத் திருப்தி இல்லை. "எங்க இருக்கான்னு சொல்லும். எப்படி இருக்கான்னு சொல்லுமா உன் பெட்டி?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். வீப்ரனுக்கு அது பிடிக்கவில்லை. பொறியாளர் ஆயிற்றே, பெண்டாட்டி சரியாகக் கேட்டால் கோபம் வரத்தானே செய்யும்.

முதல் மாதம் அந்த ஏற்பாடு அவரைப் படாத பாடு படுத்தியது. பையன் பக்கத்துக் குளியலறையில் பல் தேய்த்தால் அறையில் இருப்பதாகச் சொல்லும். அறையில் இருந்தால் கீழே சமையலறை என்று சொல்லும். கட்டிலில் கையை உடம்புக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினானோ, வில்லையின் குரல் எந்த வாங்கிக்கும் எட்டாது. உடனே "வீட்டில் இல்லை" என்று அலறும். மூன்று முறை அப்படி அலறி, மூன்று முறையும் வீப்ரன் அலுவலகத்திலிருந்து பக்கத்து வீட்டு ஆல்ட்யேவுக்கு போன் போட்டு, அந்த அம்மாள் சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓட, பையன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை ஆல்ட்யே மூச்சு வாங்கிக்கொண்டே, இன்னொரு தடவை இப்படிச் சும்மா ஓட விட்டால் எனக்குத்தான் வலிப்பு வரும் என்று சொல்லிவிட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் வீப்ரன் பையனுக்கு எல்லாவற்றையும் விளக்கினார். மனுஷன் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர், தண்ணீர்தான் இந்த சிக்னலை விழுங்கிவிடுகிறது என்றார். அதனால் ஒரு விதி எழுதிவிட்டேன்: குரல் நின்றால் உடனே பதறாது, கடைசியாகக் கேட்ட அறையிலேயே இருப்பதாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளும், அதற்குள் புரண்டு படுத்துவிடுவாய் அல்லவா என்றார். பையன் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே கவனமாகக் கேட்டான். அப்பாவின் வேலையில் பிள்ளைக்கு ஆர்வம் வந்துவிட்டது என்று வீப்ரனுக்கு உச்சி குளிர்ந்தது.

அதற்குப் பிறகு ஒரு பொய் அலறலும் இல்லை. ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டத்தில் யாருக்கோ பிறந்தநாள். கேக் வெட்டினார்கள். வீப்ரன் மொபைலைச் சுற்றுக்கு விட்டு எல்லாருக்கும் காட்டினார்: பாருங்கள், என் மகன் இப்போது தன் அறையில் இருக்கிறான். எல்லாரும் சபாஷ் என்றார்கள்.

இன்று ரயிலில் மாடுகளைப் பார்த்து அலுத்துப்போய், அறையின் பெயரோடு நிற்காமல், வில்லையின் குரல் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று காட்டும் சிக்னல் கோட்டைத் திறந்தார். நல்ல நாளில் அந்தக் கோடு நடுங்கும். பையன் கையை அசைப்பான், திரும்புவான், எண் மைனஸ் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவே துள்ளிக்கொண்டே இருக்கும். இன்று மைனஸ் அறுபத்திரண்டில் ஒரே நேர்கோடு. முக்கால் மணி நேரமாகக் கோடு போட்டதுபோல.

சாண்ட்விச்சைக் கீழே வைத்தார்.

வில்லையைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தால் அதுவே சொல்லியிருக்கும், கோடும் ஒன்றிரண்டு எண்ணாவது அசையும். அப்படியானால் குரலே வரவில்லை. அவர் எழுதிய விதி கடைசி எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கடைசியாகக் கேட்ட நேரத்தை உள்ளே தள்ளி ஒரு பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தார், சிஸ்கா பார்த்துப் பயப்படக் கூடாது என்று. வயல் நடுவில் நெட்வொர்க் ஒரு கோடு ஏறி ஒரு கோடு இறங்கியது. பக்கம் திறப்பதற்குள் அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நாலு மணி மூன்று நிமிடம். நாலு மூன்றுக்குப் பிறகு அந்த வீட்டில் எந்த வாங்கியும் யோரிட்டைக் கேட்கவில்லை.

கையை அடியில் போட்டுக்கொண்டு தூங்குகிறான். இல்லை, குப்புற விழுந்து கிடக்கிறான். கை அடியில் மாட்டியிருக்கிறது. முகம் தலையணையில். இரண்டுக்கும் அதே கோடுதான். எந்த நிரலை எழுதினாலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும், அவர்தானே செய்தவர். பையன் நம்பருக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. சிஸ்கா நார்வேயில் தங்கை வீட்டில் இருந்தாள். அவளுக்கு அடிக்கத் தைரியம் வரவில்லை.

ஆல்ட்யே எடுத்தாள். "மறுபடியுமா வீப்ரன்?"

"கொஞ்சம் போய்ப் பாரேன். கெஞ்சிக் கேக்கறேன்."

அவர் குரலில் என்ன இருந்ததோ, அவள் உடனே கிளம்பினாள். போனை வைக்காமலே நடந்தாள். செருப்புச் சத்தம், சாவி, கதவு, மாடிப்படி எல்லாம் காதில் விழுந்தது. வீப்ரன் எழுந்து நின்றுகொண்டார். பூட்டிய ரயிலில் எழுந்து நின்று என்ன ஆகப்போகிறது? ஆனாலும் நின்றார்.

"கட்டில்ல இல்லைப்பா," என்றாள் ஆல்ட்யே. "போன் தலையணைக்கு அடியில கிடக்கு. குளியலறையிலயும் இல்லை." செருப்புச் சத்தம் மறுபடி அறைக்குள் வந்தது. "இங்க தரை துடைக்கிற வாளி ஒண்ணு வச்சிருக்கான், கட்டிலுக்குப் பக்கத்துல. விளிம்பு வரைக்கும் தண்ணி. அடியில அந்தக் கைப்பட்டை கிடக்கு."

வீப்ரன் உட்கார்ந்துவிட்டார். உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டு எவ்வளவு அக்கறையாகக் கேட்டான், படுபாவிப் பயல்.

சைக்கிள் கொட்டகையைப் பார்க்கச் சொன்னார். சிஸ்காவின் சைக்கிள் இல்லை என்றாள். கால்வாய்க் கரைக்குப் போகட்டுமா என்று அவளே கேட்டாள். முழங்கால் வலியோடு எவ்வளவு தூரம் போவாள், எந்தப் பக்கம் போவாள்? அவசர எண்ணுக்கு அடித்தார். போனை எடுத்த பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். எத்தனை வயது, எப்போது கிளம்பினான், விழுந்ததை யாராவது பார்த்தார்களா. பார்த்தவர் யாரும் இல்லை. ரோந்து வண்டிக்குச் சொல்லி வைக்கிறேன், ஆனால் பெரிய பையன் வெளியே போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே சார் என்றாள்.

அவர் எதிர் சீட்டில் இருந்த பெண் தன் குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து மூன்றுக்கு மொபைல் அதிர்ந்தது. ஒரு மணி நேரம் முடிந்து, விதி தன் கடமையைச் செய்தது. "யோரிட்: வீட்டில் இல்லை." வீட்டில் ஐந்து வாங்கி. கால்வாய் நீளத்துக்கு ஒன்றும் இல்லை. தெரிந்த சாமர்த்தியம் எல்லாம் வீட்டுச் சுவரோடு முடிந்துவிட்டது. கரையில், நாணலில், தண்ணீரில் எங்கே என்று யாரைக் கேட்பார்? மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கதவு திறக்குமா என்று நடத்துனரிடம் கேட்டார். பாதுகாப்பு காரணமாக முடியாது என்றார் அவர். நீங்கள் மட்டுமா சார், எல்லாருக்கும்தான் வீட்டுக்குப் போகணும் என்றும் சொன்னார்.

ஐந்து இருபத்தைந்துக்கு ஆல்ட்யே கூப்பிட்டாள். வந்துவிட்டான், உயிரோடு இருக்கிறான், நீ நிதானமாக வா என்றாள். ரயில் நகர ஆறு மணி ஆயிற்று. அதுவரை வீப்ரன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எதிர் சீட்டுப் பெண் தன் குழந்தையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

வீட்டில் சமையலறை நாற்காலியில் யோரிட் உட்கார்ந்திருந்தான். தாடை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. முன்பல் ஒன்று பாதி இல்லை. ஒரு காது நிறைய சேறு. ஆல்ட்யே குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உறைந்த பட்டாணிப் பையை அவன் தாடையில் பிடித்துக்கொண்டிருந்தாள். வீப்ரனைப் பார்த்ததும் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ரயிலில் தயார் செய்துகொண்டு வந்த திட்டு அத்தனையும் அவருக்கு மறந்துவிட்டது. பட்டாணிப் பையைத் தாடையில் வைத்தார்.

"எங்க விழுந்த?"

"பாலத்துக்கிட்ட. முழிச்சுப் பாத்தா ஒரு காலு தண்ணிக்குள்ள இருக்கு. யாரோ ஒரு தாத்தா சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தாரு."

"எத்தனை நாளா இப்படிப் போற?"

"மார்ச்லேருந்து. செவ்வாய்க்கிழமை மட்டும். உனக்குக் கூட்டம் இருக்கும்ல." பையன் பேசும்போது உடைந்த பல்லில் காற்று போயிற்று. "ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடுவேன்ப்பா. வாட்ச் பாத்துக்கிட்டேதான் ஓட்டுவேன்."

வீப்ரன் வேண்டாம் வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார். "இதுக்கு முன்னாடி விழுந்திருக்கியா?"

"ஒரு தடவை," என்றான் யோரிட். "அன்னிக்கு யாரும் வரல. புல்லுலயே கிடந்திருக்கேன், எவ்வளவு நேரம்னு தெரியல. வாயெல்லாம் மண்ணு. எப்படியோ வீடு வந்து வாளித் தண்ணிக்குள்ளேயே பட்டையை மாட்டிக்கிட்டு, அப்புறம்தான் போனைப் பாத்தேன். உன் மெசேஜ் வந்திருந்துச்சு."

"என்ன மெசேஜ்?"

"கேக் படம்," என்றான் யோரிட். "எங்க ஆபீஸ்ல எல்லாரும் உன்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்னு எழுதியிருந்த."