கடகடத்த ஸ்பேஸ்பார்

கல்லூரி வகுப்பில் கடைசி வரிசைதான் என் இடம். காது கேளாத ஒரு மாணவிக்காக, பேராசிரியர் பேசுவதை உடனுக்குடன் டைப் செய்வது என் வேலை. அவள் மேசையிலிருக்கும் திரையில் அது எழுத்தாக ஓடும்.

என் கீபோர்டுதான் சதி செய்தது. ஸ்பேஸ்பாரைத் தட்டினால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். கூச்சப்பட்டு மெல்ல மெல்லத் தட்டுவேன், எழுத்து பின்தங்கிவிடும். பேராசிரியர் ஜோக் அடிப்பார், வகுப்பே சிரித்து ஓயும், அதற்குப் பிறகு அவள் மட்டும் தனியாகச் சிரிப்பாள். எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள்.

போதாக்குறைக்குப் பேராசிரியரும் சொல்லிவிட்டார்: "நாளைக்கும் இந்தச் சத்தம் கேட்டா, நீங்க வராந்தாவுல உக்காந்துக்கங்க." வராந்தாவில் எனக்கே பாதி காதில் விழாது.

ரோஷம் வந்துவிட்டது. வீட்டுக்குப் போய், கீயைக் கழற்றிக் கிடைத்த இடத்திலெல்லாம் கிரீஸை அப்பினேன். சத்தம் நின்றது. பெருமை பிடிபடவில்லை. காலையில் தட்டிப் பார்த்தால் ஸ்பேஸ்பார் சேற்றில் கால் புதைந்ததுபோல் அமுங்கி, எழுந்து வர அடம் பிடித்தது. வகுப்புக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனாரிடம் ஓடினேன்.

அவள் கீயைத் தூக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணி, கிரீஸ் போட்டீங்களா, குளிப்பாட்டினீங்களா?"

"கிண்டல் அப்புறம். முதல்ல சரி பண்ணு."

நீளமான கீ ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, இரு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் கால்கள், அவற்றை இணைக்க ஒரு கம்பி. ஸ்டெபிலைசர் என்பது அதுதான். அதைக் கழற்றி, கிரீஸை வழித்துத் துடைத்தாள். கம்பி நேராக இருக்கிறதா என்று பார்க்க, அதைத் தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் வைத்து இரு முனைகளையும் மாறி மாறி அழுத்தினாள். இடது முனை தூக்கிக்கொண்டு ஆடியது.

"இந்த ஆட்டம்தான் சத்தத்துக்குக் காரணம். கிரீஸ் என்ன பண்ணும் பாவம்!"

குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தாள். கம்பி கண்ணாடியில் படிந்து உட்கார்ந்தது. முனைகளில் மட்டும் பொட்டளவு கிரீஸ். என்டர் கீக்கும் அதே வைத்தியம். ஷிப்ட்டில் ஒரு பிளாஸ்டிக் கால் விரிசல் விட்டிருந்ததால் புதிது மாட்டினாள். தட்டிப் பார்த்தேன். 'டொப்' என்று ஒரே சத்தம், அதுவும் அடக்கமாக. கீ துள்ளி எழுந்தது.

"மதியச் சாப்பாடு உங்க கணக்கு," என்றாள்.

வகுப்பில் என் விரல்கள் பயமில்லாமல் ஓடின. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. பாதிப் பாடத்தில் பேராசிரியர், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடிய தன் கதையைச் சொன்னார். அவர் வாய் மூடும்போது என் கடைசி வார்த்தையும் திரையில் விழுந்தது.

வகுப்பு குபீரென்று சிரித்தது. முன் வரிசையில் அந்த மாணவியும் சிரித்தாள். எல்லாரோடும் சேர்ந்து சிரித்ததால், அவளை யாரும் கவனிக்கவே இல்லை.