பெருவிரல் மறைத்த வரி

நாலு பேர் சாப்பிட்டால் நாலாய்ப் பிரிக்கிற வழக்கம் அவர்களுக்குள் கிடையாது. அஜினுக்கு எட்டுப் பொரோட்டாவும் பத்தாது, ஜெனில் மாட்டிறைச்சி தொடமாட்டான். அதனால் ஒருத்தன் மொத்தமாய்க் கட்டி, பில்லைப் போட்டோ எடுத்து வாட்ஸாப் குரூப்பில் போடுவான். அவனவன் தின்னதைக் கீழே எழுதணும். வரியையும் தீனிக்குத் தகுந்தபடி பிரித்துக்கொண்டு கூகிள் பேயில் அனுப்பணும். டைல்ஸ் வேலைக்கு ஒன்றாய்ப் போகிறவர்கள். காசு விஷயத்தில் மனக்கசப்பு வரக்கூடாது என்று சஜி கொண்டுவந்த ஏற்பாடு அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அமரவிளை ஹோட்டலில் காசு கட்டியதும் சஜிதான். விபின் கை கழுவின ஈரத்தோடே பைக்கை எடுத்தான். பெண்டாட்டி அனகா கள்ளிக்காட்டில் அவள் வீட்டில் இருந்தாள், அவளைக் கூட்டிவரப் போனான். அஜினும் ஜெனிலும் பாறசாலை பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பார்சல் கட்டக் கொடுத்துவிட்டு, சஜி வாசல் மரத்தடியில் நின்று பில்லைப் போட்டோ எடுத்தான். காற்றில் தாள் பறந்தது. பெருவிரலால் அமுக்கிப் பிடித்து எடுத்து அனுப்பினான். தாளில் இருந்ததெல்லாம் பொடி இங்கிலீஷ் எழுத்து. நாற்பது வயதில் எழுத்தறிவு வகுப்புக்குப் போய் மலையாள எழுத்து மட்டும் படித்தவனுக்கு அதெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரிதான்.

பதில்கள் வர ஆரம்பித்தன. விபின் எழுதவில்லை, குரலில் அனுப்பியிருந்தான்.

"எலே, எனக்கு நாலு பொரோட்டா, ஒரு ஓம்லெட். பொரோட்டாவுக்கு ஊத்துன கறிச்சாறு ஓசியாக்கும், அதுக்குப் பைசா கேக்காதீங்க. வழியில வண்டிய நிறுத்திட்டு நிக்கேன். தொண்டையில என்னவோ அடைக்குது."

"ஓசிச் சாறு அவ்வளவு குடிச்சா அடைக்காதா?" என்று அஜின் எழுதினான். ஜெனில் சிரிக்கிற பொம்மை போட்டான். சஜியும் சிரித்தான்.

கொஞ்ச நேரத்தில் அஜின் கூப்பிட்டான். "அண்ணே, எல்லாருக்க கணக்கும் கூட்டியாச்சு. எண்பது ரூபாய்க்கு மேல இடிக்குது. உமக்கு கமிஷனா?"

"போலே, நான் உன்கிட்ட கமிஷன் எடுத்துத்தான் வீடு வச்சேன்!"

"பின்ன உம்ம வெரல எடுத்துட்டு ஒழுங்கா போட்டோ எடும். வெரலுக்கடியில ஒரு வரி கிடக்கு."

சஜி பில்லைப் பைக் சீட்டில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, இன்னொரு படம் எடுத்து அனுப்பினான். மறுநிமிஷம் போன் அடித்தது. அஜினின் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"அண்ணே... கொஞ்சு கிரேவின்னு இருக்கு. ஒண்ணு. எண்பது ரூவா. நம்மள்ல யாரு கொஞ்சு வாங்கினா?"

யாரும் வாங்கவில்லை. வாங்கவும் மாட்டார்கள். போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு கொஞ்சை, இறாலைத்தான், வாயில் போட்டதற்கு விபினுக்கு முகம் வீங்கி, கண் இரண்டும் மூடி, ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரிசு. இன்னொரு தடவை ஆனால் ஆள் கிடைக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் சஜி முதலில் சொல்லுவது, எங்களுக்குக் கொஞ்சு வேண்டாம் என்பதுதான். இன்றும் சொன்னான். ஆனால் சாறு? பொரோட்டாவுக்குச் சாறு ஓசி. ஓசியில் ஊற்றுகிறவனிடம் இது என்ன சாறு என்று எவன் கேட்பான்?

சஜி கடைக்குள் ஓடினான். கல்லாவில் இருந்தவர் பில் நம்பரைப் பார்த்துவிட்டுப் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டார்.

"அது ஆறாம் டேபிள் அல்லே சேட்டா? ஆர்டர் எடுத்தது வேற ஆளு. ரெண்டாவது சாறு கேட்டப்போ கோழிச்சாறு தீந்துபோச்சு. கொஞ்சு ரோஸ்ட்டுக்க கிரேவி ஊத்தினேன். அது ஃப்ரீ இல்ல, அதான் பில்லுல போட்டது."

இரண்டாவது சாறு கேட்டது சஜிதான். காலையிலிருந்து டைல் அறுத்த தூசியில் மூக்கடைத்து, ருசியே தெரியவில்லை என்று விபின் பொரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து உட்கார்ந்திருந்தான். "நனச்சுத் தின்னுலே மக்கா, தொண்டையில எறங்கும்" என்று கிண்ணத்தோடு அவன் இலையில் கவிழ்த்தது சஜியின் கை.

அந்தக் குரலை மறுபடி போட்டுக் கேட்டான். தொண்டையில என்னவோ அடைக்குது. முதலில் கேட்டபோது இல்லாத ஒரு இழுப்பு இப்போது கேட்டது, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில்.

விபினைக் கூப்பிட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டான். அனகாவைக் கூப்பிட்டான்.

"இன்னும் வரல்ல அண்ணா. என்ன காரியம்?"

"ஒண்ணுமில்ல மக்கா. வந்தா உடனே விளிக்கச் சொல்லு."

பார்சலை மேசையிலேயே விட்டுவிட்டு வண்டியை உதைத்தான். ஓட்டிக்கொண்டே நினைவு வந்தது, கள்ளிக்காடு போகிற வழியில் ஒற்றசேகரமங்கலத்தில் ஆட்டோ ஓட்டுகிற சுவாமிதாஸ். ஓரமாய் நிறுத்தி அவரைக் கூப்பிட்டான்.

"சுவாமிதாசண்ணே, நீலச் சட்டை, கறுப்புப் பைக். பெருங்கடவிள வழியாத்தான் வருவான். அவன ஒண்ணு பாருங்க. தின்னக் கூடாதத தின்னுட்டான்."

"பிள்ளே, இப்பம் ஒரு சவாரிக்காரன் சொன்னான், அங்க பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் சரிஞ்சு கிடக்கானாம். ஞாயிற்றுக்கிழமைக் குடின்னு எல்லாரும் சிரிச்சிட்டுப் போறாங்களாம்."

"அவன் குடிக்கமாட்டான் அண்ணே!" சஜி நடுரோட்டில் கத்தினான். "அவன் குடிக்கவே மாட்டான்!"

"வை போன. நான் போறேன்."

அதற்குப் பிறகு சஜி வண்டியை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. ரப்பர்த் தோட்டங்கள் இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டு போயின. வளைவுகளில் நீலமாய் எது தெரிந்தாலும் வேகத்தைக் குறைத்தான். ஒரு நீலத் தார்ப்பாயைப் பார்த்துக்கூட பிரேக் பிடித்தான்.

சட்டைப்பையில் போன் துடித்தது. சுவாமிதாஸ்தான்.

"பெருங்கடவிள ஆசுபத்திரியில கொண்டு போட்டாச்சு. ஆளுக்குப் பேச்சு வரல்ல, உதடு தடிச்சுக் கிடக்கு. என்ன தின்னான்னு டாக்டரம்மா கேக்குறா. எனக்குச் சொல்லத் தெரியல்ல."

சஜி சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் அறுந்தது, திரும்பக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை. அந்த இரண்டாவது படத்தை அவருக்கு அனுப்பினான். அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமான இரண்டு கோடும் விழுகிறவரை ரோட்டோரத்தில் நின்றான். ஒரு கோடுதான் விழுந்தது. ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டாவதும் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் போய்ச் சேர்ந்தபோது விபினின் தொடையில் ஊசி போட்டிருந்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது.

"பிராண்டி அடிச்சு விழுந்ததுன்னு கொண்டுவந்திருந்தா நேரம் போயிருக்கும்" என்றாள் டாக்டரம்மா. "அந்தப் படம் வந்ததும் காரியம் தெரிஞ்சுது. ஆனா ஊசிக்க வேகம் குறஞ்ச பிறகு வீக்கமும் மூச்சடைப்பும் ஒருவேள திரும்ப வரும். நாளைக்கு வரை இங்க கிடக்கட்டும். மூச்சு மாறினா உடனே விளிக்கணும்."

ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி சஜி கூப்பிட்டிருந்தான், அனகா ஜீப்பில் வந்து இறங்கினாள். விபினின் நெற்றியைத் தொட்டாள். பிறகு சஜியின் பக்கம் திரும்பி, அழாமல் கேட்டாள்.

"என்ன கொடுத்தீங்க அண்ணா?"

சஜி போனை நீட்டினான். அவள் குரூப்பை மேலே தள்ளினாள். முதல் படம் வந்தது. விரலால் பெரிசாக்கினாள். சிமென்ட் அரித்து நகம் வெடித்த ஒரு பெருவிரல் திரை முழுக்க நின்றது.

"இது யாருக்க வெரலு?"

"எனக்க வெரலு. அந்தச் சாறும் நான்தான் ஊத்துனது."

அனகா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றுகொண்டாள். சஜி கால்மாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அஜினின் பங்கு வந்துவிட்டதாகப் போன் ஒரு தடவை சத்தம் கொடுத்தது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை. விபினின் நெஞ்சு ஏறியது. இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கியது. மறுபடி ஏறுவதற்காகக் காத்திருந்தான்.