முகட்டுக்குப் பின்னால்

காரைக்குடியிலிருந்து பீரங்கிப் படைக்கு வந்து பதினெட்டு வருஷமான ஹவில்தார் வளனுக்கு எரிச்சலாக இருந்தது. எல்லை முகட்டின் மறுபுறப் பள்ளத்தில் ஒளிந்திருந்த எதிரியின் குட்டைக்குழல் மோர்ட்டார், முகட்டிலிருந்த நம் அரண்மேல் மூன்று நாளாகக் குண்டு போட்டது. வளனின் பீரங்கி இருபத்தைந்து கிலோமீட்டர் எறியும். என்ன பிரயோஜனம்? குழல் அதிகம் நிமிராது. தாழப் பாயும் குண்டு முகட்டில் முட்டியது, இல்லையென்றால் பள்ளத்தைத் தாண்டிப் போனது.

“என்னண்ணே யோசிக்கிறீக? ஹோவிட்சர் பீரங்கிக்குக் குழல் நல்லா நிமிருமே, அத நிமித்திப் போடச் சொல்லுவோம்” என்றான் கன்னர் செல்வின்.

“வளைஞ்சு போயி விழும்தான். ஆனா அரணுக்கும் பள்ளத்துக்கும் இருநூறு மீட்டர்தான். அம்புட்டுக் கனத்த குண்டு பிசகுனா நம்ம பயலுக செத்தானுக. சின்னக் குண்டா, செங்குத்தா விழணும். நம்ம மோர்ட்டார்தான் சரி. அது தூரம் போகாது, மேல கொண்டுபோகணும். தூக்கு.”

கழற்றிய மோர்ட்டாரையும் குண்டுகளையும் முதுகில் கட்டிக்கொண்டு இருவரும் நாலு மணி நேரம் ஏறினார்கள். வழியில் செல்வின் மூச்சு வாங்க உட்கார்ந்தான்.

“அந்தப் பள்ளத்துக்கும் ரோடு கிடையாதே. அவனுக எப்படிண்ணே கொண்டுபோனானுக?”

வளன் கன்றிப்போன தோளைத் தடவிக்கொண்டான்.

“இப்படித்தான்.”