ஓடிபி கேட்ட பக்கம்

எட்டாயிரத்து இருநூற்றைம்பது ரூபாய். என் சம்சாரத்தை அடக்கம் பண்ணின அன்றைக்கு ஜெபக்குமார் கடனாகக் கொடுத்தது. படாளத்தில் அவன் வீடும் என் வீடும் ஒரே தெரு. பதினோரு மாசம் அதைத் திருப்பிக் கேட்டு அவன் வாய் திறக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது.

"மச்சான், எம் பொண்ணு ரூத்துக்கு நர்சிங் பீஸு. நாலு மணிக்குக் கவுண்டர மூடிடுவான். உங்கிட்ட பணம் கீதா?"

"கீதுடா. நேத்துதான் சம்பளம் ஏறிச்சி. இப்பவே போடறேன்."

பணம் பேங்கில் இருந்தது. போனில் டேட்டா இல்லை. நெட் பேக் முந்தாநாளே முடிந்துவிட்டது. போன் வரும், மெசேஜ் வரும், அவ்வளவுதான். கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் நீச்சல்குளத்துக்குக் கல் பதிக்கிற வேலை. ஐந்து மணிக்கு முன்னால் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். கூட வேலை செய்த இரண்டு பேரிடமும் பட்டன் போன்.

வாட்ச்மேன் சுப்புராமன் வைஃபை பாஸ்வேர்டைச் சொன்னார். போட்டேன். சிக்னல் பட்டை வந்தது. அதன் கீழே 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி இரண்டு தரம் படித்தேன்.

"இணைஞ்சிடுச்சின்றான், இல்லன்றான். இன்னாண்ணா இது?"

"எனக்கு இன்னாய்யா தெரியும். உள்ள ரூமு எடுத்து தங்கறவனுக்கெல்லாம் வருது."

மேலேயிருந்து ஒரு அறிவிப்பு இறங்கியது: நெட்வொர்க்கில் உள்நுழையவும். தொட்டேன். ரிசார்ட் படம் போட்ட பக்கம் ஒன்று திறந்து, என் போன் நம்பரைக் கேட்டது. நம்பருக்கு ஓடிபி வரும், அதைப் போடு என்றது.

உடனே மூடிவிட்டேன். போன வருஷம் இப்படித்தான் ஒரு விளம்பரத்தில் பெரிய பச்சை பட்டனை அமுக்கி ஆயிரத்துத் தொள்ளாயிரம் போனது. என் மகள் அன்பரசி அன்றைக்குப் போனைப் பிடுங்கி, விளம்பரமே வராதபடி செட்டிங்கில் ஏதோ நீளமான பெயர் அடித்தாள். "எவன் ஓடிபி கேட்டாலும் குடுக்காதப்பா" என்றாள். அறிவிப்பு மறுபடி வந்தது. தள்ளிவிட்டேன். மூன்றாம் தரமும் தள்ளினேன். ஒன்றரைக்கு வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

இரண்டரைக்கு ஜெபக்குமார் அழைத்தது இடுப்பில் அதிர்ந்தது. கையெல்லாம் சிமெண்டு. எடுக்கவில்லை.

மூன்றரைக்கு டீ. ரிசார்ட்டின் கம்ப்யூட்டரெல்லாம் பார்க்கிற லக்ஷ்மிநாராயணன் அந்தப் பக்கம் வந்தார். போனை நீட்டினேன்.

"சைன் இன் பேஜ் வரலையா?"

"வந்துச்சி சார். ஓடிபி கேட்டான். மூடிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "அது எங்க பேஜ்தாங்க. இங்க நெட் குடுக்கணும்னா யாரு என்னன்னு நம்பர வாங்கணும். பாஸ்வேர்ட் கதவு வரைக்கும்தான். இதப் போட்டாத்தான் உள்ள."

நம்பர் போட்டேன். ஓடிபி வந்தது. அதையும் போட்டேன். பச்சை டிக் விழுந்தது. பணம் அனுப்பும் செயலியைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நேரம் மூன்று நாற்பத்திரண்டு.

லக்ஷ்மிநாராயணன் வைஃபை பக்கத்தைத் திறந்து பார்த்தார். "பிரைவேட் டிஎன்எஸ் சர்வரை அணுக முடியலைன்னு சொல்லுது. யாராவது இதுல கை வெச்சாங்களா?"

"எம் பொண்ணு. விளம்பரம் வராம இருக்க."

"அதான். நீங்க எந்த சைட்டத் திறந்தாலும் போன் அது பேரச் சொல்லி விலாசம் கேக்கும். உங்க பொண்ணு, விளம்பரத்தத் தடுக்கற ஒரு ஆள்கிட்டதான் கேக்கணும்னு வெச்சிருக்காங்க. அந்த ஆள்கிட்டப் போற வழிய எங்க நெட்ல அடைச்சிருக்கோம். வேற யாருகிட்டயும் கேக்காது, சும்மா நிக்கும்."

'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினார். 'இணையம் இல்லை' என்ற எழுத்து போய்விட்டது.

"வூட்டுக்குப் போயி பழையபடி வெச்சிக்கங்க. அது நல்லதுதான்."

எட்டாயிரத்து இருநூற்றைம்பது. பின் நம்பரும் அடித்தேன். மூன்று ஐம்பத்தொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெபக்குமாரை அழைத்தேன்.

"வந்துச்சா?"

"வந்துச்சி. ஆனா பீஸு அப்பவே கட்டியாச்சி மச்சான். நீ போன எடுக்கலியா, மூணு மணிக்கு ரூத்து கம்மல அடகு வெச்சிட்டேன்."

"மதியமே போட்டிருப்பேன்டா. வைஃபைல ஒரு பக்கம் வந்து…"

"வுடு."

"இப்பவே போயி கம்மல மூட்டுடு. வட்டி எவ்ளோன்னு சொல்லு."

"இன்னிக்கி அடகுகடக்காரன் சீக்கிரமே மூடிட்டு ஊருக்குக் கெளம்பிட்டான். நாளைக்கி மூட்டுக்கறேன். ஒருநாள் வட்டிதான், போவட்டும்."

பின்னால் அவன் சம்சாரம் ஏதோ கேட்டாள். "ராஜேந்திரன்தான். குடுத்துட்டான்" என்று அவளிடம் சொன்னான். பிறகு என்னிடம், "சரி, கணக்கு முடிஞ்சிச்சி" என்றான்.

"முடிஞ்சிச்சி" என்றேன். டீ ஆறிப் போயிருந்தது. குடித்துவிட்டுக் கல் பதிக்கப் போனேன்.