முப்பது படம், ஒரு ஜோடி கையுறை

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டி வேலை எனக்கு. நாங்கள் கையுறை போட்டிருப்பதைக் காட்ட தோல் வாங்கும் வெளிநாட்டு பார்ட்டிக்குத் தினம் ஒரு படம் போக வேண்டும். இருந்ததோ ஒரே ஜோடி. சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ் அதை எனக்கு மாட்டிப் படமெடுத்து, உடனே பீரோவில் பூட்டினார். அதே படத்தை ஓரம் வெட்டி, இடவலம் திருப்பி, கலர் மாற்றி முப்பது நாள் அனுப்பினார்.

முப்பதும் ஒரே படம் என்று பார்ட்டியின் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிவிட்டது.

"எப்டிம்மா கண்டுபுடிச்சிச்சு?" என்று கேட்டார் ஜெயப்பிரகாஷ்.

"படத்த பொடிசா சுருக்கி, எங்க வெளிச்சம், எங்க இருட்டுன்னு மட்டும் குறிச்சுக்கும் சார். கலர் மாறினாலும் அது பெருசா மாறாது. திருப்பிப் போட்டும் பாக்கும்" என்றாள் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் முபஷ்ஷிரா.

அடுத்த இரண்டு நாளும் என்னை அதே இடத்தில் விறைப்பாக நிறுத்திப் புதுப்படம் எடுத்தார். அவையும் திரும்பின.

"பேஜாரா போச்சு! நெஜமாவே புதுசும்மா!"

"ஆளும் எடமும் நிக்கிறதும் அதேதானே சார்."

சுண்ணாம்பில் வெந்த விரல்களை ஊதிக்கொண்டே சொன்னேன்: "வேலை செய்யறப்போ எடு சார். ஒண்ணொண்ணும் வேறயா வரும்."

இப்போது வேலைக்கு நடுவே எந்த நேரமும் படமெடுக்கிறார்; அதனால் கையுறை நாள் முழுக்க என் கையில். என் புண் யார் கண்ணிலும் படவில்லை. படம் ஒரே மாதிரி இருந்ததுதான் பட்டது.